கூதிர் என்றால் இலையுதிர் காலம் இல்லை: என் மாணவர்களுக்கு ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு பயிற்சித்தாள் கொண்டுவந்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், அந்த ஆசிரியையும் யாரோ அச்சடித்துக் கொடுத்ததைத்தான் நடத்துகிறார். கேள்வி, ‘கூதிர் காலம் பற்றி ஒரு வரி எழுதுக’. பிள்ளை எழுதியிருந்த விடை: ‘கூதிர் காலத்தில் எங்கள் ஊரில் மழை பெய்யும், குளிரும்’. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே சரியான விடை என்று எழுதிக் கொடுத்திருந்தது: ‘கூதிர் காலத்தில் இலைகள் உதிரும்’.

பெரம்பலூரில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எந்த மரம் இலையை உதிர்க்கிறது என்று யாராவது சொல்லுங்கள். வேம்பும் ஆலும் புங்கனும் இங்கே இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் வரப்பெல்லாம் பச்சை. ‘ஐப்பசி அடைமழை’ என்று நம் பாட்டிமார் சொன்ன மாதத்துக்கு லண்டனில் இருந்து ஒரு பெயரை இறக்குமதி செய்து, மழை என்று கண்ணால் பார்த்ததை எழுதிய பிள்ளைக்குத் தப்புப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் இருந்த அட்டவணை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தேடினேன். நம் உறவுக்காரர் குழுவில் பொங்கலுக்குப் பொங்கல் வரும் அதே வண்ணப்படம்தான். இளவேனில் ஏப்ரல், மே. முதுவேனில் ஜூன், ஜூலை. கார் ஆகஸ்ட், செப்டம்பர். கூதிர் அக்டோபர், நவம்பர். முன்பனி டிசம்பர், ஜனவரி. பின்பனி பிப்ரவரி, மார்ச். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வசந்தம், கோடை, மழை, இலையுதிர் என்று ஒரு பெயரும், வசந்தத்துக்கு மஞ்சள் பூவும், இலையுதிருக்கு நம் மாவட்டத்திலேயே இல்லாத ஒரு மரமும். கீழே ‘தமிழன் என்று சொல்லடா’ ரகத்தில் ஒரு வரி. இதைப் பகிர்ந்தவர்களில் என்னிடம் படித்தவர்கள் பதினோரு பேர். எண்ணினேன்.

இந்தப் படத்தில் எது எது தவறு என்று பார்ப்போம். முதலில் எளிதானது. தமிழ் மாதம் இங்கிலீஷ் மாதத்தின் முதல் தேதியில் பிறப்பதில்லை, நடுவில் பிறக்கிறது. ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். கார் என்பது ஆவணி, புரட்டாசி என்றால், அது ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 17 வரை. கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும், அங்கிருந்து டிசம்பர் 15 வரை. முன்பனி, மார்கழியும் தையும், பிப்ரவரி 12 வரை. பின்பனி, மாசியும் பங்குனியும், ஏப்ரல் 13 வரை. இளவேனில், சித்திரையும் வைகாசியும், ஜூன் 14 வரை. முதுவேனில், ஆனியும் ஆடியும், ஆகஸ்ட் 16 வரை. ஓரிரு நாள் ஆண்டுக்காண்டு முன்பின் ஆகும். படத்தை நம்பினால் அக்டோபர் 5ஆம் தேதி கூதிர். நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்தால் அன்றைக்குப் புரட்டாசி, அதாவது கார். பருவங்கள் சம நீளமும் இல்லை. ஆனிக்கு 31 அல்லது 32 நாள், மார்கழிக்கு 29 அல்லது 30. பூமி சூரியனை விட்டுத் தள்ளி மெதுவாகப் போகும் மாதங்கள் நீளம், அருகில் வேகமாகப் போகும் மாதங்கள் குட்டை. அதனால் முதுவேனில் முன்பனியைவிட மூன்று நான்கு நாள் நீளம்.

இரண்டாவது, தொடக்கம். படம் இளவேனிலில் தொடங்குகிறது. புத்தாண்டு சித்திரையா தையா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் பெரும்பொழுதை வரிசையாகச் சொல்லும்போது நம் இலக்கண மரபு காரில்தான் தொடங்கும். தொல்காப்பியம் ஆறு பருவத்தின் பெயரையும் அவை எந்தத் திணைக்கு உரியவை என்பதையும் சொல்கிறதே தவிர, இந்தப் பருவம் இந்த மாதம் என்று பட்டியல் போடவில்லை. மாதக் கணக்கு உரையாசிரியர்கள் தந்தது. நச்சினார்க்கினியர் சிம்ம ராசியில், அதாவது ஆவணியில், ஆண்டைத் தொடங்கிக் கடகத்தில், அதாவது ஆடியில், முடிக்கிறார். மழையில் தொடங்கும் ஆண்டு. பூவில் தொடங்கும் ஆண்டு அல்ல. மானாவாரி பூமியில் பிறந்த நமக்கு இது விளங்க உரையே வேண்டியதில்லை. நம் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவன் ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடித்துப் பெய்யும் மழைக்கு உழவு ஓட்டுகிறான், அந்த ஈரத்தில் விதைக்கிறான். ஐப்பசி மழையில் பயிர் எழும்புகிறது. மார்கழிப் பனியில் கதிர் முற்றுகிறது. தை, மாசியில் அறுப்பு. கார், கூதிர், முன்பனி என்ற வரிசை அவன் வேலை வரிசைதான்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. இதுதான் பேத்திக்கு மதிப்பெண்ணைப் பறித்தது. பஞ்சாங்கத்தில் ஐப்பசி, கார்த்திகைக்கு ‘சரத் ருது’ என்று போட்டிருக்கும். வடநாட்டில் சரத் என்றால் மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும் காலம், நிலாவைப் பாடும் காலம். தென்மேற்குப் பருவமழை அங்கே முடிந்துவிடுகிறது. நமக்கோ அப்போதுதான் வடகிழக்கு தொடங்குகிறது. வானிலைத் துறை கணக்கில் அது சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் வரும், தமிழ்நாட்டு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் விழும். கூதிர் என்ற சொல்லே குளிர்ந்த காற்றைச் சொல்வது, வாடையோடும் தூறலோடும் சேர்ந்து வருவது. மாதம் ஒன்று, பெயர் இரண்டு, வானம் முற்றிலும் வேறு. சரத்தை இங்கிலீஷ்காரர் தம் ஊர் இலையுதிர் காலமாக மாற்றினார்கள், அதை நாம் கூதிரின் மேல் ஒட்டினோம். இரண்டு கை மாறியதில் மழை காணாமல் போய்விட்டது.

இளவேனிலுக்கு ‘வசந்தம்’ என்பதும் இப்படித்தான். வேனில் என்றால் வெப்பம். இளவேனில் இளம் வெப்பம். அதில் பூ எங்கே வந்தது? வேப்பம்பூ வரும், மறுக்கவில்லை. ஆனால் பனி உருகிப் புல் முளைக்கும் ஐரோப்பிய வசந்தம் அல்ல. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பெரம்பலூரும் அரியலூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கின்றன. சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் நமக்கு ஆண்டில் இரண்டு: ஏப்ரல் 19, 20 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 23, 24 வாக்கில் இன்னொன்று. அன்று பன்னிரண்டேகால் மணி சுமாருக்குச் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. முதல் நாள் சித்திரை ஆறு அல்லது ஏழு. இளவேனில் பிறந்து ஒரு வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கிறது. இதை வசந்தம் என்று சொல்ல நான் எத்தனை ஆண்டு வெயிலில் நடந்திருக்க வேண்டும்!

இங்கேதான் என் தப்பு வருகிறது.

முப்பது ஆண்டுக்கு மேல் உங்களுக்கு அகத்திணை நடத்தினேன். ‘காகூமுபிஇமு’ என்று ஒரு மந்திரம் கற்றுக்கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். இரண்டு மாதம் ஒரு பருவம், எழுது, இரண்டு மதிப்பெண் வாங்கு. ஒருநாள் பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். களரம்பட்டிப் பக்கத்துப் பையன், அப்பாவோடு காட்டு வேலைக்குப் போகிறவன். ‘ஐயா, கத்திரி வெயில் சித்திரைக் கடைசியிலயும் வைகாசியிலயும்தானே வருது? அது இளவேனில். ஆனி, ஆடியில காத்தடிச்சு வெயில் கொறைஞ்சிடுதே. அதைப் போய் முதுவேனில்னு சொல்றாங்களே?’ என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாடத்தில் இருப்பதை எழுது.’ உட்கார்ந்துவிட்டான். அந்தக் கேள்விக்கு இருபது ஆண்டு கழித்து இப்போது விடை சொல்கிறேன். அவன் இதைப் படிக்கிறான் என்றே நினைக்கிறேன்.

தம்பி, உன் கேள்வி சரி. அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. முழுக்க இளவேனிலுக்குள் விழுகிறது. அதற்கான விடையில் பெரும்பகுதி நம் மாதங்கள் நகர்ந்துவிட்டன என்பதில் இருக்கிறது.

நம் தமிழ் மாதம் சூரியன் ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணக்கிடுவது. அதாவது பின்னணியில் நிற்கும் நட்சத்திரங்களை வைத்து. ஆனால் வெயிலையும் மழையையும் தீர்மானிப்பது நட்சத்திரம் அல்ல, சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய்வருவது. இந்த இரண்டு ஆண்டும் ஒரே நீளம் இல்லை. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவதுபோல மிக மெதுவாகச் சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. அதனால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம். இருபது நிமிடம்தானே என்று விட்டுவிடலாம். எழுபது ஆண்டில் அது ஒரு நாள் ஆகிவிடும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று, 1863 ஜனவரி 12. இப்போது அதே சங்கராந்தி, நம் பொங்கல், 14, 15இல் வருகிறது. இன்னும் இரண்டாயிரம் ஆண்டு இதே கணக்கில் போனால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பொங்கல் வைப்பார்கள்.

பின்னோக்கிப் போனால் ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன் சித்திரை முதல் நாளும், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21ஆம் நாளும் ஒன்றாக இருந்தன. தை முதல் நாளும் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. இன்று இடைவெளி 24 நாள். ‘தை ஒன்றில் உத்தராயணம் பிறக்கிறது’ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, சூரியன் அதற்கு 24 நாள் முன்பே, டிசம்பர் 21, 22இல், மார்கழி ஆறாம் நாள் சுமாருக்கே திரும்பிவிட்டது.

இதற்குப் பட்டம் பெற்றவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. போன மார்கழியில் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயை, நூல்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தினேன். உச்சிவேளையில் நிழல் எவ்வளவு குட்டையாகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். டிசம்பர் 21 அன்று 69 சென்டிமீட்டர். பொங்கலன்று 64. சூரியன் பொங்கலன்றுதான் வடக்கே திரும்புகிறது என்றால், அதுவரை நிழல் நீண்டுகொண்டே போயிருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது. என் மனைவி, ‘பொங்கல் பானையை விட்டுட்டு மாடியில என்ன வேலை’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

இப்போது இந்த 24 நாளைக் கழித்துப் பார். இளவேனில் மார்ச் 21 முதல் மே 21 வரை. முதுவேனில் மே 21 முதல் ஜூலை 23 வரை. கத்திரி இரண்டும் சந்திக்கும் இடத்தில் வந்து உட்கார்கிறது, வெப்பம் இளமை தாண்டி முதிரும் இடத்தில். பின்பனி ஜனவரி 20 வாக்கில் தொடங்கி மார்ச் 20இல் முடிகிறது. பங்குனி நடுவில் உச்சந்தலை காய்கிறதே, இதைப் போய்ப் பனிக்காலம் என்கிறார்களே என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அந்த 24 நாளின் தலையில் போடவும் கூடாது. கழித்தால் கூதிர் செப்டம்பர் 23க்கே தொடங்கி நவம்பர் 21இல் முடிந்துவிடுகிறது. நம் வடகிழக்கு மழைக்கு அது சரிப்படவில்லை, நவம்பர் கடைசியில் வரும் புயல் மழை வெளியே நிற்கிறது. மழைக்கு இப்போதைய ஐப்பசி, கார்த்திகைதான் பொருந்துகிறது. வெயிலுக்கு ஒரு கணக்கும் மழைக்கு ஒரு கணக்கும் பொருந்துகிறதென்றால், இந்த அட்டவணை எந்தக் காலத்திலும் எல்லா ஊருக்கும் கச்சிதமாகத் தைத்த சட்டை இல்லை என்றுதான் அர்த்தம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்காரனுக்கு ஆனியிலேயே மழை. நமக்கு ஆனி, ஆடியில் மேகம் தலைக்கு மேலே ஓடும், காற்று மட்டும் மிச்சம். முது என்பதற்கு ‘கடுமையான’ என்று நாம் பொருள் சொல்லிக் கொடுத்ததும் பிசகு என்று எனக்கு ஓர் எண்ணம். முதுமை என்றால் வயதானது. கிழட்டு வெயில் கொளுத்தத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

‘நம் முன்னோர் கணக்கில் பிழை இருக்கவே முடியாது’ என்று ஓர் உறவினர் குழுவில் எழுதியிருந்தார். மாமா, கோபிக்காதீர்கள். அவர்கள் பிழை செய்யவில்லை, நட்சத்திரத்தைப் பிடித்துக் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கு இன்றும் துல்லியம். நாம்தான் நட்சத்திரக் கணக்கை வெயிலுக்கும் மழைக்கும் சாட்சியாகக் கூப்பிடுகிறோம். ஐரோப்பாவிலும் இதுபோல ஒரு நகர்வு வந்தது. அவர்கள் பழைய நாட்காட்டி 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகியது. 1582இல் போப் கிரிகோரி பத்து நாளை வெட்டினார். அக்டோபர் 4க்கு மறுநாள் 15. நம் நாட்டிலும் 1952இல் மேக்நாத் சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் ஒரு தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சைத்திரம் முதல் நாள் மார்ச் 22, லீப் ஆண்டானால் 21. பருவத்தோடு கட்டிப்போட்ட மாதம். அரசிதழில் அந்தத் தேதி இன்றும் அச்சாகிறது. நம் வீட்டுச் சுவரில் யாரும் மாட்டவில்லை. நானும் மாட்டவில்லை. பொங்கலையும் தைப்பூசத்தையும் 24 நாள் முன்னே இழுக்க எனக்கும் மனசு வராது. அதனால் மாதம் மாதமாகவே இருக்கட்டும், பண்டிகை பண்டிகையாக இருக்கட்டும். பருவத்தை மட்டும் வானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கரைவெட்டி ஏரிக்கு வடக்கே எங்கிருந்தோ வரும் வாத்துகள் மழைக்குப் பின் இறங்கி, வெயில் ஏறும்போது கிளம்பிவிடுகின்றன. அவற்றிடம் இந்தப் படம் இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இருபது முப்பது பேர் இதைப் படிப்பீர்கள். தேர்வுக்குக் கார் என்றால் ஆவணி, புரட்டாசி என்றே எழுதச் சொல்லுங்கள். அது மரபு, அதில் கை வைக்க வேண்டாம். இங்கிலீஷ் மாதம் கேட்டால் ‘ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை’ என்று சொல்லுங்கள், ‘ஆகஸ்ட், செப்டம்பர்’ என்று சொல்லாதீர்கள். வசந்தம், இலையுதிர் என்ற பெயர்களைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். கூதிரில் மழை என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். கத்திரி ஏன் இளவேனிலில் வருகிறது என்று ஒருவன் எழுந்து கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள்.

வருகிற டிசம்பர் 21க்கும் பொங்கலுக்கும் உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பு நட்டு, பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மிகக் குட்டையான கோட்டை அளந்து எனக்கு அனுப்புங்கள், ஊர்ப் பெயரோடு. வேப்பந்தட்டைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது, வந்தால் கம்பு சாய்ந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பகிர்ந்த பதினோரு பேரும் அதை அழித்துவிட்டு இங்கே கீழே ஒரு வணக்கம் போடவும்.